மூன்று நிமிடப் பேச்சு

வசந்தகுமார் பேச எழுந்தால் தொழிற்சாலை முழுவதும் ஓய்வெடுக்கும். பாதுகாப்பு வாரம், சுதந்திர தினம், ஆயுத பூஜை எதுவானாலும் இருபது நிமிடம் பேசுவார். சேர்ந்து பதினொரு வருடமாகியும் அவர் பேச்சில் ஒரு வரியை யாராலும் திருப்பிச் சொல்ல முடியாது. இருங்காட்டுக்கோட்டையில் காருக்கான தகடுகளை அழுத்தி வடிவமைக்கும் அந்தத் தொழிற்சாலைக்கு அவர்தான் தலைவர். தொழிலாளிகளுக்கு மூளை கிடையாது, அதனால்தான் தன் பேச்சு அவர்கள் மனதில் நிற்கவில்லை என்பது அவருடைய திடமான முடிவு.

இந்த மார்ச்சில் பாதுகாப்பு வாரத்துக்கு, தகடு வாங்கும் கார் கம்பெனியிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. மனிதவளப் பிரிவில் உதவியாளராக இருந்த ஃபெபியை அவர் கூப்பிட்டனுப்பினார்.

"மூணே நிமிஷம். கேட்டவன் மறக்கக் கூடாது. எழுதிட்டு வா."

"என்ன சொல்லணும் சார்?"

"ஏதாவது. பாதுகாப்புதானே? நல்லா இருந்தா போதும்."

ஃபெபி தண்டலத்துக்காரி. ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குக் கதை சொல்லிப் பழகியவள். எது மனதில் தங்கும், எது தங்காது என்று அவளுக்குத் தெரியும். வசந்தகுமாரை அவள் துளியும் மதித்ததில்லை. ஆனாலும் ஒரு பேச்சை ஒழுங்காகக் கட்டிக் காட்ட வேண்டும் என்ற ஆசை அவளை விடவில்லை. மறுநாளே எழுதிக் கொண்டுபோனாள்.

சட்டையில் தொடங்கியிருந்தாள். "இன்று காலை என் சட்டைக்குப் பட்டன் போட்டேன். அதற்கு என் விரல்கள் எல்லாம் தேவைப்பட்டன." நடுவில் ஒரு வரி: "நின்ற மெஷினை ஓட்டலாம், போன விரலை ஒட்ட முடியாது." பிறகு, சந்தேகம் வந்தால் செய்ய வேண்டியவை: "நிறுத்து. கூப்பிடு. காத்திரு." கடைசியில் மறுபடி சட்டை: "இன்று மாலை வீட்டுக்குப் போய்ப் பட்டனை அவிழ்க்கும்போது, உங்கள் விரல்களை ஒருமுறை பாருங்கள்."

வசந்தகுமார் பேனாவை எடுத்தார். சட்டை சின்னப்பிள்ளைத்தனம் என்று முதல் பத்தியை அடித்தார். மூன்றோடு தரம், ஒழுக்கம், நேரம் தவறாமை, சுத்தம் என்று நான்கைச் சேர்த்து ஏழாக்கினார்.

"சார், முதல்ல சட்டையைச் சொல்லாம கடைசியில பட்டன்னு சொன்னா, எந்தப் பட்டன்னு கேப்பாங்க. முன்னாடி கேட்டது திரும்ப வந்தாத்தான் அவங்களுக்குப் பேச்சு முழுசா ஞாபகம் வரும். அப்புறம், ஏழு சொன்னா ஒண்ணுகூட நிக்காது."

"நீ எனக்குக் கத்துக் குடுக்குறியா?"

"கேட்டுப் பாத்துடலாம் சார்."

பேக்கிங் பிரிவில் இருந்த மஞ்சுளாவிடம் அவருடைய ஏழு அம்சங்களையும், அதே பிரிவில் இருந்த அம்சவல்லியிடம் தன் மூன்றையும் ஃபெபி வாசித்துக் காட்டினாள். சாப்பாட்டு நேரம் முடிந்ததும் இரண்டு பேரையும் வசந்தகுமார் முன்னால் நிறுத்தினாள்.

மஞ்சுளா யோசித்தாள். "சுத்தம்னு இன்னாவோ வந்துது. மீதி தெர்ல சார்."

அம்சவல்லி மூன்றையும் வரிசையாகச் சொன்னாள். "விரலு ஒட்டாது" என்பதையும் சேர்த்தே சொன்னாள்.

வசந்தகுமார் தன் திருத்தங்களை விட்டுக்கொடுத்தார். வந்த கார் கம்பெனி ஆட்கள் முன்னால் ஃபெபி எழுதியதை அப்படியே பேசினார். கடைசியில் பட்டன் என்றதும் முன்வரிசையில் இருந்தவர்கள் தங்கள் கையைக் குனிந்து பார்த்தார்கள். கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று. வந்திருந்தவர்களில் ஒருவர் கைப்பேசியில் முழுவதையும் பிடித்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அவருக்குத் தலைகால் புரியவில்லை. கம்பெனி பஸ்ஸில் ஆட்கள் ஏறும்போதே "நிறுத்து, கூப்பிடு, காத்திரு" என்று டிரைவரைக் கிண்டல் செய்தார்கள். அதைக் கேட்டு அவர் பூரித்தார். வாசகத்தைத் தன் படத்தோடு பெரிதாக அச்சடித்து, தகடு அழுத்தும் பிரஸ் பிரிவில் மாட்டச் சொன்னார். ஃபெபிக்கு ஒரு நன்றி வரவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

மூன்று வாரம் கழித்து, காலை ஷிஃப்ட் தொடக்கத்தில், நான்காம் பிரஸ்ஸில் இருந்த இசக்கிபாண்டி வழக்கம்போல் சோதனைக் குச்சியை மெஷினுக்கு முன்னால் நீட்டினான். கை உள்ளே போனால் கண்டுபிடித்து மெஷினை நிறுத்த வேண்டிய சென்சார் வேலை செய்கிறதா என்று பார்க்கும் குச்சி அது. மெஷின் நிற்கவில்லை. இரண்டாம் முறையும் நிற்கவில்லை. அவன் சிவப்பு பட்டனை அழுத்தினான். சூப்பர்வைசரைக் கூப்பிட்டான். கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

வெளியே தகடு ஏற்ற லாரி காத்திருந்தது. சூப்பர்வைசர் கெஞ்சியும் அவன் தொடவில்லை. வசந்தகுமாரே இறங்கி வந்தார்.

"ஓட்டுடா. கையை உள்ள விடாம ஓட்டத் தெரியாதா உனக்கு?"

"சென்சார் செத்துட்டு சார். நீங்கதான நிறுத்தச் சொன்னிய."

"அது மேடையில பேசறதுய்யா! நின்ன மெஷினை..." என்று ஆரம்பித்தவருக்கு, எங்கே போகிறோம் என்பது தாமதமாகத்தான் உறைத்தது.

"ஓட்டலாம்!" என்றான் பக்கத்து மெஷின்காரன். "போன விரலை ஒட்ட முடியாது!" என்று வரிசை முழுவதும் முடித்துவைத்தது. யாரோ சிரித்தார்கள். அவர் தலைக்கு மேல் அவர் படம் புன்னகைத்தபடி தொங்கியது.

மாடிக்கு வந்து ஃபெபியைக் கூப்பிட்டார். இசக்கிபாண்டிக்கு விளக்கம் கேட்டு மெமோ அடிக்கச் சொன்னார்.

"குற்றம் என்னன்னு போடறது சார்? உங்க பேச்சைக் கேட்டான்னா?"

"உற்பத்தியை நிறுத்தினான்னு போடு." கொஞ்ச நேரம் அறையில் நடந்தார். "அந்தப் பேச்சை அவங்க மறக்கிற மாதிரி ஏதாவது எழுத முடியுமா?"

"அது உங்களுக்கே நல்லா வரும் சார்."

அவருக்கு அந்தக் குத்தல்கூடப் புரியவில்லை. மறுநாள் எல்லோரையும் நிறுத்திவைத்து, பொறுப்போடு நிறுத்துவது வேறு, பொறுப்பில்லாமல் நிறுத்துவது வேறு என்று பதினான்கு அம்சங்களாக விளக்கினார். அரைமணி நேரம் போயிற்று. பஸ்ஸில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

மெமோவுக்கு இசக்கிபாண்டி ஒரே தாளில் பதில் எழுதினான். நிறுத்தினேன், கூப்பிட்டேன், காத்திருந்தேன் என்பதுதான் பதில். யாரோ அதைப் படம் பிடித்து, பேச்சைப் பதிவுசெய்திருந்த கார் கம்பெனிக்காரருக்கு அனுப்பினார்கள். அவர் ஆளனுப்பி நான்காம் பிரஸ்ஸைப் பார்க்கச் சொன்னார். இரண்டே நாளில் புது சென்சார் வந்தது. மெமோ திரும்பப் பெறப்பட்டது. வசந்தகுமார் அதையும் தன் பாதுகாப்பு அக்கறைக்குச் சான்றாகச் சொல்லிக்கொண்டார். வெட்கம் இருக்கிறவனால் இத்தனை வருடம் அந்த நாற்காலியில் இருந்திருக்க முடியாது.

கேன்டீனில் ஃபெபி இசக்கிபாண்டியிடம் போய் உட்கார்ந்தாள். மனதில் ஒரு பெருமை இருந்தது.

"அந்தப் பேச்சை நான்தான் எழுதினேன் அண்ணா."

அவன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினான். "நீங்களா?"

"ஆமா."

"சென்சார் விட்டு விட்டு வேலை செய்யுதுன்னு ரெண்டு தடவ எழுதி உங்க பொட்டியில போட்டேனே. அதப் படிச்சியளா?"

மனிதவளப் பிரிவின் வாசலில் இருந்த புகார்ப் பெட்டி அது. சாவி அவளிடம்தான் இருந்தது. பேச்சு, விழா, படம் அச்சடிப்பு என்று ஓடிய வாரங்களில் அதை அவள் திறக்கவே இல்லை.

"நல்லா எழுதுதிய," என்றான் அவன். தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போனான்.

இத்தனை நாளும் வசந்தகுமாருக்காக அவள் சேர்த்துவைத்திருந்த இளக்காரம் முழுவதும் அந்த ஒரு வார்த்தையில் அவள் மேலேயே விழுந்தது. சாப்பிடாமல் மேலே போனாள். பெட்டியைத் திறந்தாள். பத்தொன்பது தாள்கள் இருந்தன. இசக்கிபாண்டியின் இரண்டும் அடியில் கிடந்தன. ஒவ்வொன்றிலும் பெட்டியைத் திறந்த தேதியைப் போட்டாள். தாமதத்துக்குத் தானே பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்திட்டாள். தாள்களோடு பராமரிப்புப் பிரிவுக்கு இறங்கி நடந்தாள்.