கூட்டலில் விழாத வரிசை

முதலாளிக்கு எழுதிய கடிதத்தைக் கணக்கம்மா மறுபடியும் கிழித்துப் போட்டாள். எழுத வராமல் இல்லை. மாதாமாதம் கணக்கோடு ஒரு கடிதமும் எழுதிக் கொடுப்பவள்தான். முதலாளி கல்லாவை விட்டு எழுந்திருக்க மாட்டார், வேலையாட்கள் காதுபட லாபத்தைப் பற்றிப் பேசவும் மாட்டார். அதனால் மின்சாமான் கடையின் கணக்கு மாடியறையிலிருந்து உறைக்குள் போய்த்தான் கீழே இறங்கும். அவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியோடு உட்கார்ந்து படிப்பார். படிப்பார் என்றா சொன்னேன்? கடைசி வரியில் இருக்கும் லாபத்தைப் பார்த்துவிட்டு ஒரு டிக் அடித்து அனுப்புவார், அவ்வளவுதான்.

இந்தத் தடவை கடைசி வரிதான் வம்பு. போன மாத லாபம் அறுபத்திரண்டாயிரம் என்று கொடுத்திருந்தாள். சரியான லாபம் நாற்பத்து நாலாயிரம்.

"லாபம் இருக்குன்னு சொல்றீங்க, கையில நிக்க மாட்டேங்குதே?" என்று அவர் கொஞ்ச நாளாகவே கேட்டுக்கொண்டிருந்தார். சரக்கில் முடங்கியிருக்கும், கடன் சொன்னவர்கள் இழுத்தடிக்கிறார்கள் என்று அவளும் வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சமாளித்தாள். நேற்றுதான் மனசு கேட்காமல், செலவுக்கென்று வங்கியிலிருந்தும் கல்லாவிலிருந்தும் போன பணத்தைத் தனியாகக் கூட்டி, கம்ப்யூட்டரில் இருக்கும் செலவுப் பட்டியலின் மொத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். பதினெட்டாயிரம் உதைத்தது. முந்தின மாதத்தைப் பார்த்தாள், அதிலும் பதினெட்டாயிரம். அதற்கும் முந்தின மாதத்திலும் அதே. அந்தத் தொகையை அவளுக்கு யாரும் அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை. அது அவளுடைய சம்பளம்.

முன்பெல்லாம் அவள் வாரத்துக்கு இரண்டு நாள்தான் வருவாள். கொடுத்த ஏழாயிரத்தை 'இதர செலவு' என்ற வரிசையிலேயே சேர்த்துவிடுவாள். முழுநேர வேலை ஆனதும் தன் சம்பளத்துக்கென்று பட்டியலின் அடியில், மொத்தத்துக்கு நேர் மேலே, புதிதாக ஒரு வரிசை செருகினாள். கண்ணுக்கு எல்லாம் ஒழுங்காகத்தான் தெரிந்தது. ஆனால் கூட்டுகிற ஃபார்முலா பழைய கடைசி வரிசையோடு நின்றுவிட்டது. பழைய ஏழாயிரம் இதர செலவிலிருந்து போய்விட்டது, புதிய பதினெட்டாயிரம் கூட்டலில் விழவே இல்லை. ஆக, கூடுதல் சம்பளத்துக்கு ஆள் வைத்த மாதத்தில் லாபம் ஏழாயிரம் ஏறியது! முதலாளி பூரித்துப் போனார். "நீங்க முழுசா வந்த நேரம், கடை நிமிர்ந்துடுச்சு" என்றார். அன்றிலிருந்து கடை முழுக்க அவளுக்குக் கைராசிக்காரி என்று பெயர்.

அவளுக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது. சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, மிகவும் பிடித்திருந்தது. அப்பா இருந்தவரை அவரைக் கவனிப்பதிலேயே காலம் ஓடியது. அவரும் போன பிறகு வீட்டில் அவளும் குளிர்சாதனப் பெட்டியின் உறுமலும்தான். அக்கா எப்போதாவது போன் பண்ணி, "சாப்பிட்டியா?" என்று கேட்டு, பதில் வருவதற்குள் தன் மூட்டுவலிக்குப் போய்விடுவாள். கடையில் அப்படியில்லை. கீழே யாரோ பல்பை மாட்டிப் பார்த்துச் சண்டை போடுவார்கள், விற்பனைப் பையன்கள் படியேறி வந்து, "கைராசி, இந்த பில்லைக் கொஞ்சம் பாருங்க" என்பார்கள். பேச்சுச் சத்தத்துக்கு நடுவே ஒரு நாற்காலி, அவளுக்கு அதுவே போதும். இந்தக் கடிதம் கீழே இறங்கினால் அந்த நாற்காலி இருக்குமோ என்னவோ.

கிழித்த தாளிலெல்லாம் 'ஒரு செலவு விடுபட்டது' என்று பட்டும் படாமலும்தான் எழுதியிருந்தாள். எந்தச் செலவு என்று அந்த மனுஷன் கேட்கவா போகிறார்? கேட்கமாட்டார். அதுதான் அவளை உறுத்தியது. கடைசியில் ஒரே மூச்சில் எழுதினாள்.

'ஐயா, போன மாத லாபம் 62,000 அல்ல, 44,000. விற்பனையோ கொள்முதலோ மாறவில்லை. செலவுகளைக் கூட்டும் ஃபார்முலா பதினேழாவது வரிசையோடு நின்றிருந்தது. பதினெட்டாவது வரிசையில் நான் சேர்த்த என் சம்பளம் 18,000 மொத்தத்தில் சேரவில்லை. செலவு அந்த அளவு குறைவாகவும் லாபம் அந்த அளவு அதிகமாகவும் காட்டியது. நான் முழுநேரமாக வந்ததிலிருந்து எல்லா மாதங்களுக்கும் இதே தவறு, இதே தொகை. பணம் எதுவும் காணாமல் போகவில்லை. வங்கிக் கணக்கும் கல்லாக் கணக்கும் சரியாக உள்ளன. கையில் பணம் நிற்கவில்லை என்று நீங்கள் கேட்டதற்கு இதுதான் காரணம், நான் சொன்ன காரணம் தவறு. வருடக் கணக்கு இன்னும் ஆடிட்டருக்குப் போகவில்லை என்பதால் எல்லா மாதங்களையும் திருத்திவிட்டேன். இனிமேல் செலவு மொத்தத்தைக் கொடுத்த பணத்தோடு மாதாமாதம் ஒப்பிட்டுப் பார்ப்பேன். தவறு என்னுடையது.'

மறுநாள் காலையில் டிக் வரவில்லை. முதலாளியே வந்தார். கல்லாவை மச்சானிடம் ஒப்படைத்துவிட்டு, மூச்சு வாங்கப் படியேறி வந்து, உட்கார இடம் தேடினார். அந்த அறையில் இன்னொரு நாற்காலி கிடையாது. ஃபேன் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்தார்.

"நேத்து உங்க லெட்டரை முழுசா படிச்சேன். வீட்டம்மா ரெண்டு தடவ படிச்சா."

"மன்னிச்சிடுங்க சார்."

"அட, அதுக்கு வரலை. கை தவறுறது எல்லாருக்கும் நடக்கறதுதான்." கடிதத்தை முழங்காலில் வைத்து நீவினார். "உங்களுக்குச் சம்பளம் குடுத்தும் லாபம் ஏறுதேன்னு நான் பாட்டுக்கு நிம்மதியா இருந்துட்டேன். கடன் தவணை, வீட்டுச் செலவு எல்லாம் சேர்த்து அம்பதாயிரம் வேணும். மிச்சம் இருக்குன்னு நினைச்சேன். சேமிப்புலேர்ந்துதான் எடுத்துத் தின்னுட்டு இருந்திருக்கேன்."

அவள் பேனாவை மூடி வைத்தாள்.

"கணக்கு உங்களுக்குத்தான் தெரியும். நீங்களே சொல்லுங்க, கடை தாங்குமா?"

தன்னை வைத்துக்கொள்ள முடியுமா என்று தன்னிடமே கேட்கிறார்! கோபம் வந்தது, அழுகையும் வந்தது. தாங்கும் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர் நம்பிவிடுவார், இவ்வளவு நாளும் நம்பியவர்தானே. அவர் முகத்தைப் பார்த்தாள். பாவம், அந்த மனுஷனும் தூங்கியிருக்கவில்லை.

"தாங்காது சார்" என்றாள். "பழையபடி ரெண்டு நாள் வந்தா ஏழாயிரம். அப்ப அம்பத்தஞ்சு நிக்கும். அது தாங்கும்."

"வேலை முடிஞ்சுடுமா?"

"முடிஞ்சுடும்." அது உண்மைதான். முன்பும் முடிந்துகொண்டுதான் இருந்தது.

அவர் பெருமூச்சு விட்டார். நெஞ்சிலிருந்து பாரம் இறங்கிய மூச்சு. "உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு ராத்திரி பூரா உருண்டுட்டு இருந்தேன். நல்லவேளை, நீங்களே சொல்லிட்டீங்க. எந்த ரெண்டு நாள் வரீங்க?"

அவள் மனசுக்குள் வாரத்தை விரித்து வைத்து, அந்த இரண்டு நாளையும் அங்கே ஒன்று இங்கே ஒன்று என்று நகர்த்திப் பார்த்தாள். மீதி நாட்கள் இரண்டு பக்கமும் சமமாக விழவேயில்லை. எப்படி வைத்தாலும் ஒரு பக்கம் மூன்று நாட்களாவது சேர்ந்தாற்போல் வாய் திறக்க ஆளில்லாமல் நின்றன.

"திங்களும் வியாழனும்" என்றாள்.

அவர் விரல்விட்டு எண்ணினார், சிரித்தார். "அப்ப வெள்ளி, சனி, ஞாயிறு மூணு நாளும் லீவு! கொடுத்து வச்சவங்க நீங்க."

"ஆமா சார்" என்று அவளும் சிரித்தாள்.