மிச்சப்படுத்திய ஒரு தட்டல்

மாலை வகுப்பில் என்னைப் 'பட்டியல்' என்றுதான் கூப்பிடுவார்கள். எதையும் வரிசை போட்டு எழுதாவிட்டால் எனக்கு வேலை ஓடாது. பகலில் மருந்துக் கிடங்கில் இருப்புப் பார்க்கிறேன். அந்தப் பழக்கம் இங்கேயும் ஒட்டிக்கொண்டது.

செல்போன் விளையாட்டு செய்யக் கற்றுத்தரும் வகுப்பு இது. என் கூட்டாளி ஒரு அக்கா, பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் இருப்பவர். அவர் படம் வரைவார். நான் புதிர்களை அமைப்பேன், எழுத வேண்டியதை எழுதுவேன். வேலைக்குப் போகிற வழியில் பஸ்ஸிலும் ரயிலிலும் ஆடுவதற்கான ஒரு சின்னப் புதிர் விளையாட்டைச் செய்துகொண்டிருந்தோம். பெயர் 'வெயில் பூனை'. ஒரு அறை, ஒரு ஜன்னல், வெயிலை மறைக்கும் நாலைந்து தட்டிகள், குளிரில் சுருண்ட ஒரு பூனை. தட்டிகளைக் கட்டைவிரலால் நகர்த்தி வெயிலைப் பூனைமேல் விழச் செய்ய வேண்டும். ஒரு புதிருக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

கடைசி வகுப்பில் விளையாட்டுகளை வெளியிடும் ஒரு கம்பெனியிலிருந்து ஒரு அம்மா வருவார். ஒவ்வொரு ஜோடியும் தங்கள் விளையாட்டைப் பற்றி ஒரு பக்கம் எழுதி அவர்முன் பேச வேண்டும். பிடித்த ஒன்றை எடுத்து, மாதிரியை முழுசாகச் செய்ய உதவுவார்கள். வகுப்பில் அந்தப் பக்கத்துக்குப் பெயர் 'பிட்ச்'.

"இதுல நம்மள எடுத்தா மேல வரைவேன். இல்லேன்னா பென்சில மூட்டை கட்டிட வேண்டியதுதான்" என்றார் அக்கா. "வகுப்பு முடியற வரைக்கும்னு சொல்லித்தான் எங்க வீட்டுக்காரர் ஷிஃப்ட் மாத்திக்கிட்டு பாப்பாவப் பாத்துக்கறாரு. சும்மா வரையறதுக்கு இன்னொரு தடவை எந்த முகத்த வச்சுக்கிட்டுக் கேக்கறது?"

அதனால் அந்த ஒரு பக்கத்தை நான் திரும்பத் திரும்ப அடித்து எழுதினேன். யாருக்காக, எப்படி ஆடுவது, ஏன் திரும்ப வருவார்கள் என்று பட்டியல் சரியாகத்தான் இருந்தது. ஒரு கையால் ஆடலாம். சத்தம் வேண்டாம். சுரங்கப்பாதையில் சிக்னல் போனாலும் ஓடும். ஒவ்வொரு நகர்த்தலும் சேமிக்கப்படும், பாதியில் மூடினால் அதே இடத்தில் திறக்கும். எல்லாம் இருந்தது, படித்தால் உப்புச்சப்பில்லாமல் இருந்தது. தொடக்கத்தில் ஒரு வரி வேண்டும், கேட்டவர் நிமிர்ந்து உட்கார.

அந்த வரியை அக்காவே கொண்டுவந்தார். ஒரு நாள் பையைக்கூட இறக்காமல் சிரித்தபடி சொன்னார்: "நேத்து உன் பூனையால என் ஸ்டாப்ப விட்டுட்டேன். தலை நிமிர்ந்தா எங்கேயோ இருக்கேன்."

நான் உடனே பேனாவை எடுத்தேன். 'எங்கள் ஓவியரே இதை ஆடி, இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டார்.' பக்கத்தின் உச்சியில் எழுதி அடிக்கோடு போட்டேன்.

ஒத்திகையில் ஆசிரியருக்கு அந்த வரிதான் பிடித்தது. "பட்டியலுக்கும் பஞ்ச் வருது பாரேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் போனில் பூனையின் காதைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வகுப்பு விட்டு பஸ் நிறுத்தத்தில் நின்றோம். "என்னக்கா, அந்த வரி பிடிக்கலையா?"

"நல்ல வரிதான்."

"அப்புறம்?"

"அன்னைக்கு வகுப்பு இல்ல, பாப்பாவக் கூப்பிட நாந்தான் போகணும். காப்பகத்துல எல்லாப் பிள்ளைங்களும் போயாச்சு. நம்ம பாப்பா ஷூ மாட்டிக்கிட்டு, பைய மடியில வச்சுக்கிட்டு, கதவையே பாத்துட்டு இருந்தா. அழல. 'பஸ் லேட்டாம்மா?'ன்னு கேட்டா. ஆமான்னு சொல்லிட்டேன்." அக்கா சாலையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "உன்ன சொல்லலடா. நாந்தானே ஆடுனேன். ஆனா அந்த வரியப் படிக்கும்போதெல்லாம் அந்த ஷூதான் கண்ணுல வருது."

மன்னிப்புக் கேட்கலாமா, அது அதிகப்பிரசங்கித்தனமா என்று யோசிப்பதற்குள் அவர் பஸ் வந்துவிட்டது.

என் பஸ்ஸில் நின்றபடியே 'வெயில் பூனை'யைத் திறந்தேன். எங்கே தப்பு என்று பார்ப்போமே. ஒரு புதிரை முடித்தேன். பூனைமேல் வெயில் விழுந்தது, கண்ணை மூடியது. அது மூடி முடிப்பதற்குள் அடுத்த அறை பக்கவாட்டிலிருந்து தானாக வழுக்கி வந்தது. என் விரல் தானாக நகர்ந்தது. அதற்குப் பிறகு இன்னொன்று.

அது என் வேலைதான். குறைந்த நேரத்தில் ஆடுகிறவருக்கு ஒரு தட்டல்கூட வீணாகக் கூடாது என்று, 'அடுத்தது' பொத்தானை எடுத்துவிட்டு, புதிர் தானே வரும்படி செய்திருந்தேன். ஒரு தட்டலை மிச்சப்படுத்திய பெருமை வேறு. அந்தத் தட்டல் இருந்த இடத்தில்தான் ஆள் தலை நிமிர்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நேரத்தைக் குறுக்கிப் புதிர் செய்துவிட்டு, புதிருக்கும் புதிருக்கும் நடுவில் இருந்த வாசலை அடைத்திருக்கிறேன்.

மறுநாள் வகுப்புக்கு முன்பே போய்ப் பொத்தானைத் திரும்ப வைத்தேன். புதிர் முடிந்தால் பூனை தூங்கும். அவ்வளவுதான். அடுத்தது வேண்டுமானால் ஆடுகிறவர் தட்ட வேண்டும். அக்கா பார்த்தார், பக்கத்தில் உட்கார்ந்து, தூங்கும் பூனையின் வயிறு மெதுவாக ஏறி இறங்குவது போல வரைந்து கொடுத்தார். பார்த்தால் நமக்கே ஒரு மூச்சு விடத் தோன்றும்.

மேல் வரியை அடித்துவிட்டேன். ஆசிரியர் தலையில் கை வைத்தார். "உள்ளதும் போச்சு. ஏம்ப்பா, நல்லா இருந்ததக் கெடுத்து வச்சிருக்கே."

"தெரியல சார்" என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை. என்னால் அக்காவின் பென்சிலும் மூட்டை கட்டப்படுமோ என்று பயமாக இருந்தது.

கம்பெனி அம்மா ஒல்லியாக, சாந்தமாக இருந்தார். நான் பக்கத்தைப் படித்தேன். புதிய முதல் வரி: 'உங்கள் நிறுத்தம் வந்ததும் இறங்கவிடும் விளையாட்டு.' அவர் போனில் இரண்டு புதிர் ஆடினார்.

"பொதுவா எல்லாரும் ஆட்கள எப்படிப் பிடிச்சு வைக்கறதுன்னு சொல்வாங்க" என்றார். "உங்க விளையாட்டோட சிறப்பு, நான் நிறுத்திடுவேங்கறதா?"

நான் பட்டியலில் தேடினேன். அக்கா பேசினார். "ஆமாங்க. நிறுத்த முடியும்னு தெரிஞ்சாத்தானே தொடங்குவோம். இன்னும் ரெண்டு ஸ்டாப்தான் இருக்குன்னா நான் வேற எந்த விளையாட்டையும் திறக்க மாட்டேன், மாட்டிக்குவோம்னு பயம். இதத் திறப்பேன். காலையில ஒண்ணு, லிஃப்டுக்கு நிக்கும்போது ஒண்ணு, திரும்பி வரும்போது ரெண்டு."

"விளம்பரம்?"

"புதிருக்கு நடுவுல வராதுங்க" என்றேன். "புதிரவிட விளம்பரம் நீளமா இருக்கும். குறிப்பு வேணும்னு ஆடறவங்களே கேட்டா மட்டும், ஒரு விளம்பரம் வரும்."

"மறுநாள் எத்தனை பேர் திரும்ப வர்றாங்க?"

"வகுப்புல உள்ளவங்க மட்டுந்தான் ஆடியிருக்காங்க. அத வச்சு எண்ணிக்கை சொன்னா பொய்யாயிடும்."

அவர் எதையோ குறித்துக்கொண்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "என் போன்ல ஏத்திக் குடுங்க. நானும் ரயில்லதான் போறேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஜோடியைக் கூப்பிட்டார்.

பதில் வருவதற்குள் அதை நான் மனசுக்குள் பல விதமாக எழுதிப் பார்த்துவிட்டேன், எல்லாமே மறுப்பு. வந்தபோது நாங்கள் இருவரும் அக்காவின் பல் மருத்துவமனைக்கு எதிரே டீக்கடையில் இருந்தோம். அக்கா போனை என்னிடம் நீட்டினார். "நீயே படி. எனக்குக் கண்ணு ஓடல."

படித்தேன். ஒரு வாரமாக ஆடுகிறாராம். தினமும் திறக்கிறாராம். சரியான நிறுத்தத்தில்தான் இறங்குகிறாராம். மாதிரியை முழுசாகச் செய்யலாம், வியாழக்கிழமை மாலைகளில் அலுவலகத்துக்கு வர முடியுமா, பூனையை வரைந்தவர் கட்டாயம் வர வேண்டும் என்றிருந்தது.

அக்கா போனை வாங்கித் தானும் ஒருமுறை படித்தார். கிளாஸை வைத்துவிட்டு வீட்டுக்குப் போன் போட்டார்.

"ஏங்க, வியாழக்கிழமை சாயங்காலமும் பாப்பாவ நீங்க பாத்துக்கணும்."

அந்தப் பக்கக் குரல் எனக்கும் கேட்டது. "எத்தனை வியாழக்கிழமை?"

"நிறைய" என்றார் அக்கா. போனை என்னிடம் கொடுத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"யாரு, பட்டியல் தம்பியா?" என்றார் அவர் வீட்டுக்காரர். "ஷிஃப்ட் மாத்தணும். எந்தெந்தத் தேதின்னு வரிசையா எழுதி அனுப்பிடுப்பா."