குப்பைத்தொட்டியில் ஒரு ஓ நெகட்டிவ்

போன ஞாயிறு வரை கலைச்செல்வியின் போனில் ஆயிரத்து இருநூறு பேர் இருந்தார்கள். எல்லோரும் ரத்தம் கொடுப்பவர்கள், அல்லது கொடுப்பேன் என்று வாய்கூசாமல் சொன்னவர்கள். தாராவியில் ஜெராக்ஸ் கடை நடத்தும் அவளிடம்தான் அக்கம்பக்கத்தார் ரத்தத்துக்கு ஓடிவருவார்கள். ஞாயிறன்று கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்து பட்டியலை வெட்டினாள். ஒரே ஆளின் மூன்று நம்பரை ஒன்றாக்கினாள். ரத்த வகைப்படி பிரித்து, கடைசியாகக் கொடுத்த தேதியைக் குறித்தாள். ஊரோடு போனவன், போனை எடுக்காதவன், சிடுசிடுத்தவன் எல்லாரும் காலி. மிஞ்சியது நூற்று நாற்பது. அப்பாடா என்றிருந்தது.

அந்த அப்பாடா மூன்று நாள்தான் தாங்கியது.

புதன் மத்தியானம் தங்கை பூமாரியின் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து அழாத குறையாகப் பேசினார். பூமாரிக்கு மறுநாள் காலை சிசேரியன். உடம்பில் ரத்தம் குறைவு, ரத்த வங்கியில் ஓ நெகட்டிவ் இல்லை. நாலு மணிக்குள் ஆள் வந்தால்தான் பரிசோதித்துத் தயாராக வைக்க முடியுமாம்.

பட்டியலில் ஓ நெகட்டிவ் மூன்றே பேர். திலக் நகர் கீதாவுக்குக் காய்ச்சல். அஷ்வத் போன மாதம்தான் கொடுத்திருந்தான், மூன்று மாதம் ஆகாமல் எடுக்க மாட்டார்கள். திருவேங்கடம் ஊருக்கு ரயிலேறிவிட்டார். மணி இரண்டரை.

அழித்த நம்பர்கள் முப்பது நாள் போனின் குப்பைத்தொட்டியில் கிடக்கும். தோண்டினாள். 'ஓ நெகட்டிவ் ஹமீது குர்லா.' கீழே அவளே எழுதிய குறிப்பு: 'ஆறு தடவை கொடுத்தவன். இப்போது சிடுசிடுப்பு. கூப்பிட வேண்டாம்.' மீட்டெடுத்துப் போன் அடித்தாள்.

"சொல்லுங்கக்கா. ரத்தம்தானே?"

பின்னால் பட்டறைச் சத்தம் கேட்டது. அவளுக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஆமாப்பா. ஆனா போன வருஷம் ஏன் பட்டுன்னு போனை வச்சே?"

"எம்மவ ஐசியூல கெடந்தாக்கா. நீங்க எடுத்த எடுப்புலயே 'எப்ப வாரே'ன்னீங்க. ஆறு தடவை வந்திருக்கேன். ஒரு தடவையாவது எப்படி இருக்கேன்னு கேட்டிருக்கீங்களா?"

அவளுக்கு வெட்கமாக இருந்தது. மணி ஓடிக்கொண்டிருந்தது. இருந்தும் கேட்டாள். "பிள்ளை இப்ப எப்படி இருக்கா? பேரென்ன?"

"ஆயிஷா. நல்லாருக்கா. ஸ்கூலுக்குப் போறா." பட்டறைச் சத்தம் தள்ளிப்போனது. "யாருக்குக்கா ரத்தம்?"

"என் தங்கச்சிக்கு."

"அத மொதல்ல சொல்லக் கூடாதா? ஆஸ்பத்திரி பேரை அனுப்புங்க. பைக்ல வாரேன்."

மூன்றே முக்காலுக்கு ஹமீது கையை நீட்டிப் படுத்திருந்தான். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கலை அவன் பெயரை மாற்றினாள்: 'ஹமீது, ஆயிஷாவின் அத்தா'. மற்றவர்களை ஒவ்வொருவராகத் திறந்து பார்த்தாள். எல்லோருக்கும் ரத்த வகை இருந்தது, தேதி இருந்தது. வீட்டில் யார் யார் என்று ஒருவருக்கும் இல்லை.

முதலில் கீதாவைக் கூப்பிட்டாள். "காய்ச்சல் எப்படிம்மா இருக்கு?"



"அக்கா," என்றாள் கீதா தயங்கியபடி, "சத்தியமா காய்ச்சல்தான்க்கா. பொய் சொல்லல."