ஹால் விளக்கு மட்டும்

கிபாயத்துல்லா வீட்டில் ஏ.சி. கம்ப்ரஸர் ஓட ஆரம்பிக்கும்போதெல்லாம் ஹால் விளக்கு ஒரு கணம் மங்கித் தெளியும். மூன்று கோடையாக இதே கதைதான். முதல் கோடையிலேயே அவர் எலெக்ட்ரீஷியன் தேவநாதனுக்குப் போன் போட்டுக் கேட்டார். தேவநாதன் வந்து பார்க்கவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து பழகிய சிநேகிதன்தானே என்று, இருந்த இடத்திலிருந்தே தீர்ப்புச் சொல்லிவிட்டார். லோ வோல்டேஜ், ஈ.பி.காரன் கொடுக்கிற லட்சணம் அவ்வளவுதான், ஒரு ஸ்டெபிலைசர் வாங்கி மாட்டு என்றார். மாட்டிய பிறகு விளக்கு முன்னைவிட ஜாஸ்தியாக மங்கியது. அதற்கும் ஈ.பி.தான் காரணம் என்றார்.

செம்மண்டலத்தில் அந்தத் தெருவுக்கே தேவநாதன் சொன்னால் சொன்னதுதான். பாதி வீடுகளுக்கு அவர்தான் ஒயரிங். போன மாதம் ஒன்பது வீட்டுக்காரர்கள் சேர்ந்து கையெழுத்துப் போட்டு மின்வாரிய ஆபீசில் வோல்டேஜ் போதவில்லை என்று ஒரு மனு கொடுத்தார்கள். மனுவை எழுதிக் கொடுத்தவரும் அவரே. தன் பாத்திரக்கடையில் உட்கார்ந்து பேரம் பேசுகிறவர்களிடம்கூடக் குரல் உயர்த்தாத கிபாயத்துல்லா, அந்த ஆபீசில் வயர்மேன் அந்தோணிசாமியைப் பார்த்து, சம்பளம் வாங்குறீங்களே, வேலை பாக்குறீங்களா என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டார். அந்தோணிசாமிக்கு ஓய்வு பெற எட்டு மாதம்தான் பாக்கி. ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லையாம். இதைத் தேவநாதன் டீக்கடையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

இன்று மதியம் அந்தோணிசாமி வோல்ட் மீட்டரோடு வந்து நின்றார். கிபாயத்துல்லா உடனே தேவநாதனுக்குப் போன் போட்டு, "நீ வந்துரு மச்சான், நமக்கு விவரம் தெரியாதுன்னு எதையாவது சொல்லிட்டுப் போயிருவாங்க" என்றார். தேவநாதன் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். வேடிக்கை பார்க்கிற உற்சாகம் அவருக்கு இருந்தது.

அந்தோணிசாமி முதலில் வாசல் மீட்டர் பெட்டியில் அளந்தார். இருநூற்று இருபத்தொன்பது காட்டியது. உள்ளே ஏ.சி.யைப் போடச் சொன்னார். கம்ப்ரஸர் உறுமிக் கிளம்பிய நொடியில் எண் இருநூற்று இருபத்தாறுக்கு இறங்கி மறுபடி ஏறிக்கொண்டது. மூன்று வோல்ட். கம்ப்ரஸர் கிளம்பும் கணத்தில் ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு கரண்டை இழுக்கும். அதற்கு மூன்று வோல்ட் இறங்குவது ஒன்றுமே இல்லை. சப்ளை பலவீனமாக இருந்தால் இங்கேயே இருபது, முப்பது என்று விழுந்திருக்கும். தேவநாதனுக்கு இது நன்றாகத் தெரியும். இருந்தும், ஒரு தடவை பார்த்தால் போதுமா, சாயங்காலம் லோடு ஏறும்போது வந்து பாருங்கள் என்று சட்டம் பேசினார். அந்தோணிசாமி தலையாட்டினார். வருகிறேன் என்றுகூடச் சொன்னார்.

அப்போதுதான் கிபாயத்துல்லாவின் மனைவி மலிகா சமையல்கட்டு வாசலில் நின்றபடி தேவநாதனிடம் கேட்டாள்.

"அண்ணே, எனக்கு ஒரு சந்தேகம். ஹாலு மங்குது, படுக்கிற ரூமு மங்குது. சமையக்கட்டு லைட்டு மட்டும் ஏன் ஒருநாளும் மங்கல? எல்லாத்துக்கும் ஒரே கரண்டுதானே வருது?"

தேவநாதன் சமையல்கட்டு விளக்கை நிமிர்ந்து பார்த்தார். சமையல்கட்டுக்கு மெயின் பெட்டியிலிருந்து தனி லைன். வெளியிலிருந்து வருகிற கரண்டில் குறை என்றால் வீடு முழுக்க மங்க வேண்டும். ஒரு லைன் மட்டும் மங்குகிறது என்றால் குறை அந்த லைனில்தான். தொழில் பழகுகிற முதல் மாதத்தில் தெரிந்துகொள்கிற சங்கதி. மூன்று வருஷமாக இதை அவர் ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்கவில்லையா? நினைத்தார். நினைத்து, வேண்டாம் என்று தள்ளி வைத்தார்.

ஏ.சி. மாட்டிய நாள் அவருக்கு அப்படியே கண்ணில் வந்தது. பெட்டியிலிருந்து ஏ.சி.க்கென்று தடித்த ஒயர் தனியாக இழுக்க வேண்டும். இழுக்கப் பார்த்தார். சுவருக்குள் குழாய் எங்கேயோ சிமென்ட் அடைத்துக்கொண்டு வழி விடவில்லை. சிதம்பரத்தில் ஒரு லாட்ஜ் வேலை காத்திருந்தது, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஹால் விளக்குக்கும் படுக்கையறை விளக்குக்கும் போகிற மெல்லிய ஒயரிலேயே ஒரு முறுக்கு முறுக்கி, டேப் சுற்றி, ஏ.சி.க்குக் கொடுத்துவிட்டார். லோடு தாங்காமல் பிரேக்கர் அடிக்கடி விழாதபடி, இருந்ததை எடுத்துவிட்டுப் பெரியதாக ஒன்றையும் போட்டார். அடுத்த வாரம் வந்து சரி செய்துவிடலாம் என்று நினைத்தார். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை.

அந்தோணிசாமி ஹால் பிளக்கில் மீட்டரைச் செருகினார். கம்ப்ரஸர் கிளம்பியது, விளக்கு மங்கியது, எண் நூற்றுத் தொண்ணூற்றொன்றைத் தொட்டுவிட்டு ஏறியது. அவர் அந்த எண்ணை யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை. தேவநாதன் மட்டும் பார்க்கும்படி மீட்டரைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு நின்றார். நாலு பேர் முன்னால் திட்டு வாங்கிய மனிதர், பதிலுக்கு ஒன்றும் கேட்காமல் நின்றார். அந்தப் பெருந்தன்மையைத்தான் தேவநாதனால் தாங்க முடியவில்லை. இப்போதுகூட ஏதாவது சொல்லித் தப்பிக்கலாம். ஒயர் பழசாகிவிட்டது, நான் மாற்றித் தருகிறேன் என்றால் கிபாயத்துல்லா நன்றிகூடச் சொல்வார்.

அப்படிச் சொல்லாமல் தேவநாதன் ஏணியைக் கேட்டு வாங்கி, படுக்கையறைச் சுவரில் இருந்த ஜங்ஷன் பெட்டி மூடியைக் கழற்றினார். உள்ளே டேப் கருகி உருகிப்போயிருந்தது. ஒயரின் சிவப்புத் தோல் காப்பி நிறத்துக்கு மாறித் தொட்டவுடன் உதிர்ந்தது. பெட்டிக்கு நேர் கீழே கட்டில். கட்டிலில் அரை நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்த அவர்களுடைய பெண் யூனிபாரத்தோடு தூங்கிக்கொண்டிருந்தாள்.

"மெயினை ஆப் பண்ணு கிபாயத்து" என்றார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "ஈ.பி. மேல ஒரு குத்தமும் இல்ல. ஏ.சி. மாட்டுன அன்னைக்கி அவசரத்துல நான்தான் இப்படி முறுக்கி உட்டேன். தெரிஞ்சேதான் பண்ணேன். நீ கேட்டப்பல்லாம் பொய் சொன்னேன்."

கிபாயத்துல்லா நிமிர்ந்து அந்தக் கருகலைப் பார்த்தார், குனிந்து பெண்ணைப் பார்த்தார். திட்டுவார் என்று தேவநாதன் எதிர்பார்த்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தார். கிபாயத்துல்லா ஏணியைத் தாண்டிப் போனார். மெயினை அணைத்துவிட்டு வந்து அந்தோணிசாமியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னைக்கி ஆபீஸ்ல பேசுனத மனசுல வச்சிக்காதீங்க சார். எனக்கு ஒண்ணும் தெரியாது. இவரு இந்த வேலைய முடிக்கிற வரைக்கும் கூட இருந்து பாத்துட்டுப் போவீங்களா?"

இருபது வருஷத் தொழிலில் தேவநாதனுக்குப் பக்கத்தில் யாரும் காவலுக்கு நின்றதில்லை. ஏணிப் படியில் நின்றபடி அவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தோணிசாமி மறுக்கவில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து மனுவை எடுத்துக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஒன்பது கையெழுத்தையும் ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தார்.

மலிகா பெண்ணைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"இதே மாதிரி வேற யாரு வீட்டுல பண்ணிருக்கீங்க?"

தேவநாதன் ஏணியிலிருந்து இறங்கினார். நாலு வீடு என்றார். ஒவ்வொரு பெயராகச் சொல்லச் சொல்ல, அந்தோணிசாமி மனுவில் அந்தந்தப் பெயருக்கு நேரே பேனாவால் ஒரு கோடு போட்டார். எதிர் வீட்டுப் பவானி பெயர் வந்ததும் மலிகா, அவளுக்கு மூணு மாசக் கைக்குழந்தை இருக்கு, இந்நேரம் ஏ.சி.யைப் போட்டுத்தான் தூங்க வைப்பா என்று மட்டும் சொன்னாள்.

தேவநாதன் செருப்பைத் தேடவில்லை. தார் சுட்ட தெருவைக் கடந்து எதிர் வீட்டு அழைப்பு மணியை அழுத்தினார். பவானி குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு கதவைத் திறந்தாள். அவரைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வாங்கண்ணே. ஈ.பி.காரரு வந்தாராமே, தப்ப ஒத்துக்கிட்டாரா?"

"இல்லம்மா" என்றார் தேவநாதன். "அது என் தப்பு. மொதல்ல உள்ள போய் ஏ.சி.ய ஆப் பண்ணு, சொல்றேன்."