அண்ணன் மாட்டிய புரொப்பல்லர்

எங்களுக்குப் படகை விற்றவர் என் சொந்த அண்ணன்தான். தங்கை குடும்பமாயிற்றே என்று விலையில் சல்லிக்காசு குறைக்கவில்லை. அதில் பெருமை வேறு.

"இந்தத் துறைமுகத்துலயே பெரிய புரொப்பல்லர் இதுதான் மாப்பிள்ளை. நானே பார்த்துப் போட்டது. தண்ணியைக் கிழிச்சிக்கிட்டுப் போகும்!"

என் வீட்டுக்காரர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்.

சீசனில் மீன் குவிந்தது. படகு எவ்வளவு டீசல் குடிக்கிறது என்று யார் பார்த்தார்கள்? மீன் குறைந்ததும்தான் வண்டவாளம் தண்டவாளம் ஏறியது. கரும்புகை கக்கிக்கொண்டே போய்வரும். பிடித்த மீன் டீசலுக்கும் ஐஸுக்குமே சரியாகிவிடும். இரண்டாம் வருடம் நடுக்கடலில் எஞ்சின் உயிரை விட்டது. இன்னொரு படகு கயிறு கட்டி இழுத்து வந்தது.

கையிருப்பைத் துடைத்துப் புது எஞ்சின் வாங்கினோம். மாட்டும்போதே மெக்கானிக் சொன்னார்: "இதுக்கு இந்தப் புரொப்பல்லர் ரொம்பப் பெருசுங்க. மாத்திடுங்க."

"மச்சான் ஆசையாப் போட்டது. எப்படிப் பளபளன்னு இருக்கு பாருங்க!" என்றார் இவர். பளபளப்புக்கு மயங்குகிற மனுஷனுக்கு என்னைக் கட்டிவைத்தார்களே என்று எனக்கே சிரிப்பு வந்தது.

மீன் குறைந்த மாதங்கள் மறுபடி வந்தன. அதே புகை, அதே டீசல். அண்ணன் வந்து காபி குடித்துவிட்டு, "படகைப் பாதி விலைக்கு நானே எடுத்துக்கறேன். மாப்பிள்ளை என் படகுலயே கூலிக்கு வரட்டும். ஞாயித்துக்கிழமை பதில் சொல்லு" என்றார். இவர் தலை நிமிரவே இல்லை.

மறுநாள் மெக்கானிக்கை நானே இழுத்துவந்து படகில் ஏற்றினேன். முழு வேகம் கொடுத்தார். நிமிஷத்துக்கு இரண்டாயிரத்து நானூறு சுற்றுக்குப் போகவேண்டிய எஞ்சின் மீட்டர் முள், ஆயிரத்துத் தொள்ளாயிரத்தைத் தாண்டவில்லை.

"புரொப்பல்லர் பெருசு, எஞ்சின் சுத்த முடியாம திணறுதுக்கா. பழைய எஞ்சினும் பாவம், இதை இழுத்து இழுத்தே செத்திருக்கும்."

படகைக் கரையேற்றி, சின்னப் புரொப்பல்லர் மாட்டினோம். முள் ஏறியது, புகை அடங்கியது. எட்டு கேன் குடித்த தூரத்துக்கு ஆறு போதுமென்றானது. மீன் குறைவுதான், ஆனாலும் டீசல் போக வீட்டுக்கு ஏதோ மிஞ்சியது. இவர் காலி கேன்களைத் திரும்பத் திரும்ப எண்ணினார்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் டாணென்று வந்தார்.

"என்னம்மா, படகை எடுத்துட்டுப் போகட்டுமா?"

இவர் உள்ளே போனார். பழைய புரொப்பல்லரை மூச்சு வாங்கத் தூக்கிவந்து அண்ணன் காலடியில் வைத்தார். அப்போதும் அது பளபளவென்றுதான் இருந்தது.

"படகு எங்களுக்கு வேணும் மச்சான். உங்களோடது இது மட்டும்தான்."