வாரண்டி ஸ்டிக்கருக்குக் கீழே

“முனையில ரெண்டு வெட்டு இருக்கு, கண்ண மூடிட்டுப் போடலாம்னு சொன்னது நீங்களா, எங்க பாட்டனா?”

“நீ அனுப்புன படத்துல அவ்வளவுதானே தம்பி தெரிஞ்சிச்சு. பாதி லேபிள வாரண்டி ஸ்டிக்கர் மூடியிருந்திச்சு. உரிச்சிட்டு எடுன்னேன், வாரண்டி போயிரும்னு நீதான் மாட்டேன்ன.”

ஹட்டனில் சப்ராஸின் கம்ப்யூட்டர் கடை. கத்தியவன் நிரோஷன். கொழும்பில் துணிக்கடை வேலை, தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்தால் பேச்சில் மட்டும் முதலாளி. தங்கச்சி சுதர்ஷினியின் பழைய லெப்டொப்புக்கு எஸ்எஸ்டி என்ற புது வகை டிஸ்க் வாங்கித் தந்ததைத் தோட்டத்தின் அடுத்த டிவிசன் வரைக்கும் சொல்லியாகிவிட்டது.

சுதர்ஷினி ஸ்டூலில் உட்கார்ந்து இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எஸ்எஸ்டி ஒரு பொருட்டே இல்லை. பட்டப்படிப்பின் கடைசி ஆய்வு பழைய ஹார்ட் டிஸ்கில் இருந்தது. கொழுந்து எடுக்கிற பெண்களின் வீடு வீடாகப் போய்ப் பதிந்தவை அத்தனையும் அதில்தான். வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். டிஸ்க் ஒரு மாதமாகவே டிக் டிக்கென்றது. புதுசு வருகிறதே என்று பென் டிரைவ் வாங்காமல் இருந்துவிட்டாள்.

காலையில் வந்ததும் சப்ராஸிடம் கேட்டாள்: “நானா, மொதல்ல என் ஃபைல மட்டும் எடுத்துருங்களேன்.”

“அவசரப்படாதீங்க தங்கச்சி. புதுச மாட்டிட்டு எல்லாத்தையும் ஒரேயடியா ஏத்திருவோம்.”

மாட்டினார். அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்கார்ந்தது. லெப்டொப்போ அப்படி ஒரு விருந்தாளி வந்ததையே கண்டுகொள்ளவில்லை. சப்ராஸ் கழற்றினார், ஊதினார், மாட்டினார். ஒவ்வொரு தடவையும் பழைய டிஸ்கிலேயே லெப்டொப்பைக் கிளப்பிப் பார்த்தார். கடைசியில், பொறுமை போய், ஸ்டிக்கரை நகத்தால் உரித்தார். கீழே பளிச்சென்று என்விஎம்இ என்று வேறு வகையின் பெயர்.

அந்தக் காலத்து லெப்டொப்பில் அதை மாட்டும் இடம் சாட்டா வகையை மட்டும்தான் ஏற்கும். இரண்டு வெட்டு பெரும்பாலும் சாட்டாவுக்குத்தான், ஆனால் சில என்விஎம்இக்கும் உண்டு. ஓரத்தில் மாடல் நம்பர் படத்திலேயே தெளிவாகத் தெரிந்தது. அதைப் போனில் தேடிப் பார்த்திருந்தால் போதும். சப்ராஸ் தேடவில்லை. பார்த்தவுடனே சொல்கிறவர் என்ற பேர் அவருக்கு டவுன் முழுக்க இருந்ததே.

“சரி, இத மாத்திக்கிட்டு வா,” என்றார்.

“ஸ்டிக்கர உரிச்சிட்டீங்களே, எவன் மாத்துவான்?”

சண்டை இங்கேதான் ஏறியது. கடை வாசலில் நாலு பேர் நின்றுவிட்டார்கள்.

“அண்ணே,” என்றாள் சுதர்ஷினி. “சத்தத்த நிப்பாட்டிட்டுக் கேளுங்க.”

கேட்டார்கள். டிக் டிக் நின்று, ஒரு உரசல் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. திரையில் கறுப்பு.

டிஸ்க்கைக் கொழும்புக்கு அனுப்பினார்கள். தட்டு கீறிப்போய்விட்டது, எடுக்க ஒன்றுமில்லை என்று திரும்பி வந்தது. வெள்ளிக்கிழமை வந்தது, போனது. பல்கலைக்கழகத்துக்குக் கெஞ்சி எழுதியதற்கு, அடுத்த வருசம் புதிதாகப் பதிந்து தொடங்கலாம் என்று பதில் வந்தது. வீட்டில் அடுத்த வருசத்துக்குக் காத்திருக்க யாரும் தயாராக இல்லை.

நிரோஷன் கட்டாருக்குப் போய்விட்டான். சப்ராஸ் ரினோஸா என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டு கடையை டிக்கோயாவுக்கு மாற்றினார். சுதர்ஷினியைத் தை மாசம் பூண்டுலோயாவில் கட்டிக்கொடுத்தார்கள்.