பாக்கி வைக்காத குற்றம்

எங்கள் தெருவில் என் கணவருக்கு ‘சொன்ன தேதி’ என்று பெயர். மளிகைக் கடையில் வெள்ளிக்கிழமை தருகிறேன் என்று சொல்லிவிட்டால், வியாழக்கிழமை இரவே அவருக்குத் தூக்கம் வராது. பள்ளி வேன் ஓட்டுகிறவர். மகளின் படிப்புக்கு வங்கியில் கடன் வாங்கிய நாளில், அங்கிருந்த அதிகாரி பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார்: “படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் கழிச்சுத்தான் தவணை. முடிஞ்சா மாசாமாசம் வட்டியை மட்டும் கட்டிடுங்க, பின்னாடி பாரம் குறையும்.” ‘முடிஞ்சா’ என்ற சொல் என் கணவர் காதில் விழவே இல்லை. ஒவ்வொரு முதல் தேதியும் வங்கி வாசலில் முதல் ஆளாக நின்றார்.

“நாணயம்தான் நம்ம சொத்து” என்பார்.

“அந்தச் சொத்தைக் குடுத்து ஒரு கிலோ பருப்பு வாங்கிட்டு வாங்க பாப்போம்” என்பேன் நான். நான் ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்கக் கொதிநீராவிக்கு நடுவே நிற்கிறவளிடம் குளிர்ச்சியான பேச்சை எதிர்பார்க்கக் கூடாது.

இரண்டு வருடம் எப்படியோ ஓடியது. மூன்றாம் வருடம், அவர் பிள்ளைகளை ஏற்றிப்போன பள்ளி சொந்தமாகப் பேருந்து வாங்கிவிட்டது. வேனில் பாதி இருக்கை காலி. அந்த மாத வட்டிக்கு என் காதில் கிடந்த தோடு அடகுக் கடைக்குப் போனது. அடுத்த மாதத்துக்கு என்ன போகும் என்று நான் வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், மகள் விடுதியிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கினாள்.

“மெடிக்கல் ஷாப்ல வேலை கேட்டிருக்கேம்மா. சேந்துக்கச் சொல்லிட்டாங்க. நாளைக்குக் காலேஜ்ல டி.சி. வாங்கிட்டு வந்துடலாம்.”

மருந்தியல் படிக்கிறாள். நான்கு வருடப் படிப்பில் பாதிக்கு மேல் தாண்டிவிட்டாள். வகுப்பில் முதல் மூன்று பேரில் ஒருத்தி. எனக்கு வந்த ஆத்திரத்தில் கையில் இருந்த கரண்டி தரையில் பறந்தது.

“மாத்திரை எடுத்துக் குடுக்குற வேலைக்கா உன்னை அனுப்பினேன்?”

“அப்பா ராத்திரி எந்திரிச்சு உக்காந்துட்டு இருக்காரும்மா. போன தடவை லீவுக்கு வந்தப்ப, நீ பாக்கல, நான் பாத்தேன்.”

அவர் வேனைத் துடைக்கப் போய்விட்டார். ஏற்கெனவே துடைத்த வேன் அது.

மறுநாள் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு நானும் கல்லூரிக்குப் போனேன். டி.சி. கொடுக்க வேண்டாம் என்று காலில் விழுந்தாவது சொல்லிவிட்டு வரலாம் என்றுதான் போனேன். யார் காலிலும் விழ வேண்டியிருக்கவில்லை. கடன் வாங்கிய பிள்ளை என்பதால் டி.சி. விண்ணப்பத்தை முதலில் உதவித்தொகைப் பிரிவில் காட்டச் சொன்னார்கள். அங்கிருந்த அம்மாள், அதில் மகள் எழுதியிருந்த காரணத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“வட்டி கட்ட முடியலைன்னு நிக்கிறியா? கடன் வாங்கின பசங்களுக்கு நாங்க வருஷா வருஷம் படிப்புச் சான்று குடுக்குறோமே, நீயும் வாங்கிட்டுத்தானே போன?”

“வாங்கினேன் மேடம். பேங்க்ல குடுத்தேன்.”

“வருமானச் சான்று?”

“அதுவும் சேரும்போதே குடுத்தாச்சு” என்றேன் நான். அதை எப்படி மறப்பேன்? முதலில் என் கணவர் பள்ளி முதலாளியிடம் சம்பளச் சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு போனார். அது செல்லாது, அரசாங்க அதிகாரி கொடுத்ததுதான் வேண்டும் என்று வங்கி திருப்பி அனுப்பியது. பிறகு வருவாய்த்துறை அலுவலகத்துக்கு நான் நடந்த நடையில் ஒரு ஜோடிச் செருப்பு தேய்ந்தது.

“அப்புறம் என்ன? குடும்ப வருமானம் அரசாங்கம் சொன்ன வரம்புக்குள்ள இருக்கு. இந்தப் படிப்பு, இந்தக் காலேஜ் எல்லாம் அங்கீகாரம் உள்ளது. படிக்கிற காலம் முழுக்க, அதுக்கு மேல ஒரு வருஷம் வரைக்கும் ஏறுற வட்டியை அரசாங்கமே கட்டிடும். அதுக்குப் பேருதான் வட்டி மானியம். நீங்க பேங்க்ல கேக்கணும், பேங்க் அரசாங்கத்துக்கிட்ட கேக்கணும். உங்களுக்கு இதுவரைக்கும் ஒரு தடவைகூட வரலையா?”

“இல்லையே” என்றேன். மகள் என்னைப் பார்த்தாள்.

“இன்னொண்ணு கேட்டுக்கம்மா” என்று அந்த அம்மாள் மகள் பக்கம் திரும்பினார். “நடுவுல படிப்பை விட்டா இந்த மானியம் கிடையாது. உடம்பு முடியாமப் போனாத்தான் விதிவிலக்கு. வட்டிக்குப் பயந்து நீ டி.சி. வாங்கினா, வட்டி முழுக்க உன் தலையிலதான் விழும்.”

மகளின் விண்ணப்பத்தை இரண்டாக மடித்து அவளிடமே நீட்டினார். அந்த வருடத்துக்கான படிப்புச் சான்றில் முத்திரை குத்தி என்னிடம் கொடுத்தார். கல்லூரி வாசலுக்கு வந்ததும் எனக்கு அழுகை வந்தது, கூடவே கோபமும் வந்தது. கோபத்தை வைத்துக்கொண்டேன். அழுகை எப்போது வேண்டுமானாலும் வரும்.

அங்கிருந்து நேரே வங்கி. கணவருக்குப் போன் போட்டு வரச் சொன்னேன். அவர் வாசலிலேயே ஆரம்பித்தார்: “மெதுவாப் பேசு. பேங்க்காரங்களைப் பகைச்சுக்கக் கூடாது.”

“பகையா? மூணு வருஷமா நம்ம வீட்டு மாப்பிள்ளை மாதிரி முதல் தேதி முதல் தேதி வாங்கித் தின்னாங்களே, அது என்ன உறவு?”

கடன் பிரிவு அதிகாரி சின்ன வயதுக்காரர். நல்ல பிள்ளைதான், சிரித்தபடியே கணினியில் எங்கள் கணக்கை எடுத்தார். எடுத்ததும் முகம் இன்னும் மலர்ந்தது.

“சாரோட கணக்கு ரொம்ப நல்ல கணக்கும்மா. ஒரு ரூபா வட்டி பாக்கி இல்ல.”

“சந்தோஷம். மானியம் ஏன் வரல?”

“அதான் சொல்றேன். மானியம் கேக்குற நேரத்துல, வட்டி பாக்கி இருக்குற கணக்கெல்லாம் பட்டியல் எடுத்து அனுப்புவோம். உங்களுக்குத்தான் பாக்கியே இல்லையே. இல்லாத பாக்கிக்கு எப்படிக் கேக்குறது?”

அவர் சொன்னது எனக்கு உறைக்க ஒரு நிமிடம் ஆனது. உறைத்ததும் உள்ளங்கால் வரை எரிந்தது. கட்டாதவருக்கெல்லாம் அரசாங்கம் கட்டியிருக்கிறது. கட்டியவரை யாரும் கண்டுகொள்ளவில்லை. ஊருக்கு முன்னால் ஓடிப்போய்க் கட்டியதுதான் இந்த மனிதர் செய்த குற்றம்.

“தம்பி, அந்த வட்டியை என் புருஷன் கட்டினாரா, அரசாங்கம் கட்டுச்சாங்கிறது அப்புறம். உங்க பேங்க் அந்தக் கடனுக்கு வட்டி போட்டுச்சா இல்லையா?”

“போட்டோம்.”

“என் பொண்ணுக்குத் தகுதி இருக்கா இல்லையா?”

“இருக்கு...”

“அப்ப போட்ட வட்டிக்குக் கேக்க வேண்டியதுதானே? எங்க காசை நாங்க குடுத்துட்டோம்ங்கிறதுக்காக அவ காசை நீங்க ஏன் விட்டீங்க?”

அந்தப் பிள்ளையின் சிரிப்பு போய்விட்டது. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் கணவர் என் முழங்கையைத் தொட்டார். நான் கையை எடுத்துக்கொண்டேன். மேலாளர் அறையிலிருந்து எழுந்து வந்தார்.

“கத்தாதீங்கம்மா. உள்ள வந்து உக்காருங்க.”

“எழுதிக் குடுத்துட்டுத்தான் உக்காருவேன்.”

மகள் அங்கேயே, காசாளர் சன்னலுக்கு எதிரே இருந்த மேசையில் குனிந்து மனு எழுதினாள். கடன் வாங்கிய நாள், வருமானச் சான்று கொடுத்த நாள், ஒவ்வொரு வருடமும் படிப்புச் சான்று கொடுத்தது, இதுவரை மானியம் கோரப்படாதது என எல்லாவற்றையும் எழுதினாள். படிப்பை விட வந்த பிள்ளையின் கையெழுத்து அன்று அவ்வளவு திருத்தமாக இருந்தது. நகலில் வங்கி முத்திரை குத்தித் தர வேண்டும் என்று நின்றேன். மேலாளர் கோப்பை எடுக்கச் சொன்னார். எங்கள் வருமானச் சான்று அதில் பத்திரமாகவே இருந்தது. தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கொஞ்ச நேரம் “சரி சார், சரி சார்” என்றார். வைத்தபோது குரல் இறங்கியிருந்தது.

“நீங்க கேட்டது சரிதாம்மா. நீங்க வட்டி கட்டியிருந்தாலும் மானியம் கேக்கலாம். வந்தா உங்க கடன் கணக்குலயே வரவு வெச்சுடுவோம், கடன் அந்த அளவுக்குக் குறையும். இந்த வருஷத்துக்குக் கேக்க இன்னும் நேரம் இருக்கு, இன்னிக்கே அரசாங்க இணையதளத்துல ஏத்திடுறோம். பொண்ணு ஒரு ஒப்புதல்ல கையெழுத்துப் போட்டாப் போதும். பழைய வருஷத்துக்கு இணையதளம் மூடியாச்சு. விட்டுப்போச்சுன்னு மேலிடத்துக்கு எழுதித்தான் கேக்கணும். நிச்சயம் வரும்னு நான் வாக்குக் குடுக்க முடியாது.”

“எழுதுங்க. உங்க தப்புன்னும் சேத்து எழுதுங்க. பதில் வரலைன்னா உங்களுக்கு மேல இருக்குறவங்ககிட்டப் போவோம். வங்கிக் குறை கேக்கவே ஒரு அதிகாரி இருக்காராமே, அவர் வரைக்கும் போவோம்.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டேன். “இன்னொண்ணு. இந்த மாசத்துல இருந்து நாங்க வட்டி கட்ட மாட்டோம்.”

என் கணவர் பதறிப்போனார். “ஏய், என்ன பேசுற? கணக்கு கெட்டுப் போயிடும்.”

மேலாளர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். “கெடாது சார். படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் வரைக்கும் நீங்க எதுவும் கட்டணும்னு இல்ல. கட்டுறது உங்க விருப்பம்.”

என் கணவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். விருப்பம். அதை விருப்பம் என்று இத்தனை வருடத்தில் யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. என் தோட்டை நினைத்து நான் திட்டிக்கொண்டிருந்த மனிதர், தன் மரியாதையை எண்ணி எண்ணிக் கொடுத்திருக்கிறார்.

மறுநாள் மகளைப் பெட்டியோடு விடுதிக்குப் பேருந்து ஏற்றிவிட்டோம். மெடிக்கல் ஷாப்காரருக்கு நானே போன் போட்டு, “அவ மருந்து விக்க வரமாட்டா, பின்னாடி உங்க கடைக்கே மருந்தாளுநரா வந்தாலும் வருவா” என்று சொல்லிவிட்டேன்.

முதல் தேதி வந்தது. காலையில் எழுந்தபோது கணவர் குளித்துச் சட்டை மாட்டிக்கொண்டு நின்றார். பாக்கெட்டில் பணம் துருத்திக்கொண்டிருந்தது. எனக்குச் சுர்ரென்று ஏறியது.

“எங்க கிளம்பிட்டீங்க?”

“பேங்க்குக்கு.”

“அன்னைக்கு அவ்வளவு சொல்லியும்...”

“நீயும் வா” என்றார்.

செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். வங்கிக் கதவு அப்போதுதான் திறந்தது. வழக்கம்போல முதல் ஆள் அவர்தான். காசாளர் பெண் அவரைப் பார்த்ததும், கேட்காமலே பணத்துக்குக் கையை நீட்டினாள். அவர் அவளைத் தாண்டி நேராக மேலாளர் அறைக்குள் போனார். முத்திரை குத்திய நகலை மேசையில் வைத்தார்.

“இந்தப் பணம் பொண்ணோட பரிட்சை ஃபீஸுக்கு. கட்டப் போற வழியில வந்தேன்.” நகலை மேலாளர் பக்கம் நகர்த்தினார். “இந்த வருஷத்துக்கு ஏத்திட்டோம்னு சொன்னீங்க, சரி. பழைய ரெண்டு வருஷத்துக்கு மேலிடத்துக்கு எழுதியாச்சா?”

“எழுதிட்டு இருக்கோம் சார். பாக்குறோம். சீக்கிரம்...”

“சீக்கிரம்னு ஒரு தேதி காலண்டர்ல இல்ல சார். நான் உங்களுக்கு ஒரு மாசம்கூடத் தேதி தவறல. இப்ப நீங்க ஒரு தேதி சொல்லுங்க.”

மேலாளர் நாட்காட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி நாட்காட்டியைப் பார்த்தார். கடைசியில் ஒரு தேதி சொன்னார். என் கணவர் அதை நகலின் ஓரத்தில் எழுதச் சொல்லிக் கையெழுத்தும் வாங்கினார்.

“அன்னைக்குக் காலையில முதல் ஆளா வர்றேன்” என்றார்.